ஒரே காசுக்கு மூன்று வழி

உரும்பிராயில் இருந்துகொண்டு இணையத்தில் வியாபாரம் செய்யும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி என்று எல்லாம் ஊர்ச் சாமான்கள். வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார்கள். மற்றப் பகுதியினர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தபடி, கோண்டாவிலில் தனித்திருக்கும் அம்மா அப்பாவின் வீட்டுக்குச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் காசு கட்டுகிறவர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மகள் 9,000 ரூபாவுக்குச் சாமான் தெரிவுசெய்து, கடனட்டை இலக்கத்தை அடிக்கிறார். "கொடுப்பனவு தோல்வி" என்று வருகிறது. திரும்ப அடிக்கிறார், திரும்பவும் அதே செய்தி. கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் எழுதுகிறார்: "அக்கா, காட் எடுக்குதில்லை. கொழும்பில தம்பி நிக்கிறான், உங்கட கணக்குக்குப் போடச் சொல்லுறன்." தம்பி தன் வங்கிச் செயலியைத் திறந்து காசை அனுப்புகிறார். ஒரு நிமிடத்துக்குள் கடையின் கணக்கில் 9,000 ரூபா நிற்கிறது.

அட்டையில் காசு இல்லாமல் இல்லை. கடையின் இணையத்தளமும் நன்றாகத்தான் இருந்தது. அப்படியிருக்க, ஒரு வழியில் போகாத கொடுப்பனவு இன்னொரு வழியில் எப்படி இலகுவாகப் போனது? மாத முடிவில் கடைக்காரர் கணக்குப் பார்க்கும்போது இந்தப் புதிர் இன்னும் பெரிதாகிறது. அட்டையில் நூற்றுக்கு 83 கொடுப்பனவுகள் வெற்றி, கைபேசிப் பணப்பையில் 90, வங்கிப் பரிமாற்றத்தில் முழுதாக 100. இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். ஆனால் இந்த ஒழுங்கில் வரும் எண்களைப் பார்த்து, "பேசாமல் அட்டையை நிறுத்திவிடலாமோ" என்று யோசிக்கும் கடைக்காரர்கள் உண்டு. நிறுத்துவதற்கு முன், இந்த மூன்று எண்களும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

அட்டை: கடை கேட்கிறது, வங்கி தீர்மானிக்கிறது

அட்டையால் காசு கட்டும்போது காசை அனுப்புவது நாங்கள் அல்ல. "இந்த அட்டைக்காரரிடம் 9,000 ரூபா எடுக்கலாமா?" என்று கடைதான் கேள்வி அனுப்புகிறது. இதை இழுப்புக் கொடுப்பனவு எனலாம். அந்தக் கேள்வி பல கைகள் மாறிப் போய், விடையோடு அதே வழியில் திரும்பி வரவேண்டும்.

முதலில் கடையின் பக்கத்தில் இருந்து கொடுப்பனவு வாயிலுக்கு அட்டை விவரம் போகும். இலங்கையில் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற நிறுவனங்கள் இந்த வாயில் வேலையைச் செய்கின்றன. அடுத்து, அட்டையைக் கொடுத்த வங்கி எது என்று கண்டுபிடித்து, அட்டைக்காரர் உண்மையானவர்தானா என்று உறுதிசெய்யும் கட்டம் தொடங்கும். பிறகு அட்டைக்காரர் தன் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை, அதாவது ஓ.டி.பி.யை அடிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி கடையின் பக்கத்து வங்கிக்குப் போகிறது. அதைப் பெறு வங்கி என்போம். அங்கிருந்து விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்பு ஒன்றின் ஊடாக, அட்டையைக் கொடுத்த வழங்கு வங்கிக்குப் போய்ச் சேருகிறது. ஆம், இல்லை என்று சொல்வது அந்த வழங்கு வங்கிதான்.

இந்த ஆறு கட்டங்களையும், உரும்பிராய்ச் செம்மண் தோட்டத்தில் கிணற்றடியில் இருந்து கடைசிப் பாத்திவரை போகும் மண் வாய்க்காலாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் தண்ணீர் ஊறிப்போகும். ஒரு திருப்பத்தில் போவது நூற்றில் இரண்டு பங்குதான் என்றால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் ஆறு திருப்பம் தாண்டும்போது, நூறு பங்கில் ஏறக்குறைய 89 பங்குதான் பாத்திக்கு வரும். வாய்க்காலில் எந்த இடமும் உடைந்திருக்காது, ஒவ்வொரு இடமும் தன் வேலையை 98 வீதம் சரியாகச் செய்திருக்கும், ஆனாலும் பதினொரு பங்கு காணாமற் போயிருக்கும். ஆறில் ஒரே ஒரு திருப்பம் மட்டும் நூற்றுக்குப் பத்தைக் குடித்துவிட்டால், கடைசிப் பாத்திக்கு 81 பங்குதான் எஞ்சும்.

ஆகவே அட்டையின் வெற்றி வீதம் குறைவதற்கு முதற் காரணம், வழியின் நீளம். இரண்டாவது காரணம், அந்த ஆறில் இரண்டு திருப்பங்கள் மற்றவற்றை விடக் கூடுதலாகக் குடிப்பவை. ஒன்று ஆளறிதல், மற்றது வழங்கு வங்கியின் தீர்மானம்.

ஆளறிதலில் கசிவது

அட்டையை நேரில் நீட்டாமல் இலக்கத்தை மட்டும் கொடுத்து வாங்கும்போது, இலக்கத்தைத் திருடியவரும் உரிமையாளரும் கடைக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இதைத் தீர்ப்பதற்காக விசா நிறுவனம் 2001 அளவில் கொண்டுவந்த ஏற்பாடுதான் த்ரீ-டி செக்கியுர். காசு கேட்பதற்கு முன்னால் வழங்கு வங்கியே தன் வாடிக்கையாளரிடம் நேரடியாக "நீர்தானா?" என்று கேட்டு உறுதிசெய்யும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி, உள்நாட்டு அட்டைகளின் இணையக் கொடுப்பனவுக்கு இப்படியான மேலதிக உறுதிப்படுத்தலை 2009 ஓகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் அதை ஒத்த விதி 2022 மார்ச் 14 முதல் முழுமையாக அமுலானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படியொரு சட்டக் கட்டாயம் இல்லை.

இது களவைக் குறைக்கிறது. ஆனால் ஒரு மனிதர் செய்யவேண்டிய வேலை ஒன்றை நடுவில் சேர்த்துவிடுகிறது. இலங்கையில் உள்ள ஒரு வங்கியின் அட்டையோடு ரொறன்ரோ போன ஒருவருக்குக் குறியீடு எங்கே வரும்? இலங்கை இலக்கத்துக்கு வரும். அந்த சிம் அட்டை ஊரில் மேசை லாச்சிக்குள் கிடக்கலாம். கனேடிய வங்கி அட்டை என்றால் வங்கியின் செயலியைத் திறந்து ஒப்புதல் கொடுக்கச் சொல்லும். தொலைபேசியில் கடையின் பக்கத்தை விட்டு வங்கிச் செயலிக்குப் போய்த் திரும்பி வரும்போது, கடையின் பக்கம் புதிதாக ஏறி எல்லாம் அழிந்துபோயிருக்கலாம். குறியீடு வர இரண்டு நிமிடம் தாமதித்தால் பக்கம் காலாவதியாகியிருக்கும்.

இந்த இடத்தில் கசிந்தது என்று எப்படித் தெரியும்? வாயில் நிறுவனம் கடைக்குக் கொடுக்கும் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். ஆளறிதல் தொடங்கிய நேரம் அதில் இருக்கும், முடிவு இருக்காது. வங்கியின் விடைக் குறியீடும் இருக்காது, ஏனென்றால் காசு எடுக்கலாமா என்ற கேள்வியே இன்னும் கேட்கப்படவில்லை. "வங்கி மறுத்துவிட்டது" என்று கடைக்காரர் எண்ணும் தோல்விகளில் சில, உண்மையில் வங்கியிடம் போகவே இல்லை.

2016இல் வெளியான புதிய த்ரீ-டி செக்கியுர் இந்தக் கசிவைக் குறைக்கவே எழுதப்பட்டது. பாவிக்கும் கருவி எது, விநியோக முகவரி எது, முன்பு வாங்கியவரா என்பதுபோன்ற விவரங்களையும் கடை சேர்த்து அனுப்பும். வழங்கு வங்கிக்கு அது போதுமாக இருந்தால், குறியீடு எதுவும் கேட்காமலே ஆளை ஏற்றுக்கொள்ளும். கடை அந்த விவரங்களை வெறுமையாக விட்டால், வங்கி வழமைபோலக் குறியீடு கேட்கும். இந்த ஒரு இடத்தில் கசிவைக் குறைப்பது ஓரளவுக்குக் கடையின் கையிலும் இருக்கிறது.

இரண்டு இலக்க விடை

ஆளறிதல் முடிந்ததும் கேள்வி வழங்கு வங்கிக்குப் போகிறது. அட்டை உலகம் பல பத்தாண்டுகளாக ஒரே செய்தி வடிவத்தைப் பாவிக்கிறது. 1987இல் முதன்முதல் வெளியான அந்தச் சர்வதேச நியமத்தின் பெயர் ஐ.எஸ்.ஓ. 8583. அதில் 39ஆவது இடத்தில் இரண்டு எழுத்துக்குள் விடை வரும். `00` என்றால் சம்மதம். `51` என்றால் கணக்கில் காசு போதாது. `54` என்றால் அட்டை காலாவதி. `14` என்றால் அப்படியொரு அட்டை இலக்கமே இல்லை. `91` என்றால் வழங்கு வங்கியின் கணினியோ இடையில் உள்ள ஆளியோ இயங்கவில்லை.

வாங்குகிறவரின் திரையில் இவை எல்லாம் "கொடுப்பனவு தோல்வி" என்ற ஒற்றை வசனமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. `91` வந்தவர் பத்து நிமிடம் கழித்து அதே அட்டையால் முயன்றால் பெரும்பாலும் சரிவரும். `54` வந்தவர் நூறு தடவை முயன்றாலும் சரிவராது. `51` வந்தவருக்கு வேறு கணக்கு வேண்டும்.

இவற்றுக்குள் புரியாதது `05`. "இதை ஏற்கவேண்டாம்" என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் என்று வங்கி சொல்வதில்லை. காரணத்தைச் சொன்னால் திருடன் அதில் இருந்து பாடம் படித்துக்கொள்வான் என்பது இதற்கு ஒரு காரணம். வங்கியின் கணினி அந்தச் செய்தியில் உள்ள கடையின் நாடு, வியாபார வகை, தொகை, நேரம், ஆளறிதல் நடந்ததா என்பவற்றை, அட்டைக்காரரின் பழைய பழக்கத்தோடு ஒப்பிட்டு அபாயத்தை மதிப்பிடுகிறது. இதுவரை ரொறன்ரோவுக்குள்ளேயே வாங்கிக்கொண்டிருந்த ஒரு அட்டை, திடீரென்று இலங்கையில் உள்ள ஒரு சிறிய கடைக்கு ரூபாவில் காசு கட்டப் பார்த்தால், அந்த மதிப்பீட்டில் அபாயம் கூடுதலாகத் தெரியும். மகளின் அட்டையில் காசு இருந்தும் மறுக்கப்பட்டதற்கு இதுவே மிகவும் சாத்தியமான விளக்கம். அவர் தன் வங்கிக்கு ஒரு தொலைபேசி எடுத்து "அது நான்தான்" என்று சொல்லிவிட்டு மீண்டும் அடித்தால் பலவேளைகளில் போய்விடும். காசு போதாமை என்றால் வங்கி அதற்கென்று உள்ள `51`ஐ அனுப்பியிருக்கும்.

ஆகவே அட்டையின் தோல்விகளில் ஒரு பங்கு, அந்த ஏற்பாடு தன் வேலையைச் செய்ததால் வந்தது. திருட்டு அட்டை மறுக்கப்பட்டாலும் கணக்கில் அது ஒரு தோல்விதான். திருடர்கள் களவெடுத்த இலக்கங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கச் சிறிய இணையக் கடைகளில் சிறு தொகைக்குச் சோதித்துப் பார்ப்பார்கள். அப்படி ஒரு இரவு நடந்தால் கடையின் அட்டை வெற்றி வீதம் ஒரே நாளில் விழும். அடையாளம் கண்டுகொள்வது கடினமல்ல. சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு அட்டைகள், ஏறக்குறைய ஒரே சிறு தொகை, `14`உம் `05`உம் வரிசையாக வந்திருக்கும். அன்றைய எண்ணைக் கொண்டு "அட்டை மோசம்" என்று முடிவெடுத்தால், களவு முறியடிக்கப்பட்டதைக் குறையாக எழுதியவர்கள் ஆவோம்.

பணப்பை: முன்கூட்டியே முடித்த வேலை

கைபேசிப் பணப்பையில் வாய்க்கால் குறுகியது. டயலொக் நிறுவனம் 2012இல் தொடங்கிய ஈசி காஷ் போன்ற பணப்பையில், கொடுப்பவரின் இருப்பும் வாங்குபவரின் இருப்பும் ஒரே நிறுவனத்தின் ஏட்டில் இருக்கின்றன. ஓரிடத்தில் கழித்து இன்னோரிடத்தில் கூட்டினால் போதும். கேள்வி நாடு தாண்டிப் போகவேண்டியதில்லை. ஆள் யார் என்பது பணப்பை திறந்த அன்றே அடையாள அட்டையோடு பார்க்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு இரகசிய இலக்கம் மட்டும் போதும்.

லங்காபே நிறுவனத்தின் ஜஸ்ட்பே ஏற்பாட்டிலும் இதே தந்திரம்தான் இருக்கிறது. ஒரு செயலிக்குள் உங்கள் வங்கிக் கணக்கை முதல்முறை இணைக்கும்போது வங்கி குறியீடு அனுப்பி உறுதிசெய்துவிடும். பிறகு கடையில் சிறு தொகைகள் கட்டும்போது அந்தச் சோதனை முழுதாகத் திரும்ப நடப்பதில்லை. அட்டை வழியில் ஒவ்வொரு தடவையும் கசியும் ஆளறிதல் திருப்பத்தை, இங்கே ஒரே தடவையில் தாண்டிவிடுகிறோம். அந்த முதல் இணைப்பில் தோற்றவர்கள் கடையின் கணக்கில் வருவதே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பணப்பையோடு கடைக்கு வருகிறவர்கள் ஏற்கனவே அரித்தெடுக்கப்பட்டவர்கள்.

அப்படியானால் பணப்பையில் நூற்றுக்குப் பத்து ஏன் தோற்கிறது? பெரும்பாலும் இருப்பு போதாமை, அல்லது நாளாந்த உச்ச வரம்பு. பணப்பையில் யாரும் மாதச் சம்பளத்தை வைத்திருப்பதில்லை. 1,500 ரூபாவுக்கு மிளகாய்த்தூள் வாங்கும்போது போகும் பணப்பை, 9,000 ரூபாவுக்குச் சாமான் எடுக்கும்போது நிற்கும். எனவே பணப்பையின் வெற்றி வீதம் பொருளின் விலையோடு ஏறி இறங்கும். அட்டையில் அப்படியான ஏற்ற இறக்கம் குறைவு.

இன்னொரு குழப்பமும் உண்டு. அப்பிள் பே, கூகுள் பே என்று வெளிநாட்டில் சொல்லப்படும் பணப்பைகளைக் கடைகளில் பாவிக்கும்போது காசு பெரும்பாலும் அவற்றுக்குள் இருப்பதில்லை. உள்ளே இருப்பது ஒரு அட்டைதான். இலக்கத்துக்குப் பதிலாக, அந்தத் தொலைபேசிக்கென்று உருவாக்கிய ஒரு மாற்றிலக்கம் போகும். கைரேகையோ முகமோ கொடுத்ததும் ஆளறிதல் முடிந்துவிடும். வழி அட்டையின் நீண்ட வாய்க்கால்தான், ஆனால் மிகவும் கசியும் திருப்பம் அடைபட்டிருக்கிறது. "பணப்பை" என்ற ஒரே தலைப்பின் கீழ் இந்த இரண்டு வகையையும் சேர்த்து எண்ணினால், வரும் எண்ணுக்குப் பெரிய பொருள் இருக்காது.

வங்கிப் பரிமாற்றம்: கண்ணுக்குத் தெரியாத தோல்வி

வங்கிப் பரிமாற்றம் தள்ளும் கொடுப்பனவு. கடை எதையும் கேட்பதில்லை. காசுக்காரரே தன் வங்கிச் செயலிக்குள் நுழைந்து, தன்னை நிரூபித்து, தன் இருப்பைப் பார்த்து, கடையின் கணக்கிலக்கத்தை அடித்து அனுப்புகிறார். இலங்கையில் வங்கிக்கு வங்கி உடனடியாகக் காசு மாற்றும் செப்ட்ஸ் என்ற பொது ஆளி 2015இல் இயங்கத் தொடங்கியது. இப்போது லங்காபே என்று அறியப்படும் லங்காகிளியர் நிறுவனமே அதை அமைத்தது. கொழும்புத் தம்பி அனுப்பிய காசு ஒரு நிமிடத்துக்குள் வந்ததற்கு அதுதான் காரணம். அந்நிய நாட்டு வங்கி ஒன்றின் சந்தேகத்துக்கு இந்த வழியில் இடமே இல்லை.

இது உண்மையான பலம். ஆனால் நூற்றுக்கு நூறு என்ற எண் அந்தப் பலத்தால் வந்ததல்ல. அது எண்ணிய முறையால் வந்தது. மாதத்தில் 300 பேர் கடையின் பக்கத்தில் "வங்கிப் பரிமாற்றம்" என்பதைத் தெரிந்தார்கள் என்று வைப்போம். அவர்களில் 231 பேர் காசு போட்டுப் பற்றுச்சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கடைக்காரரின் கொப்பியில் அந்த 231 பேரும்தான் இருக்கிறார்கள், 231 பேரின் காசும் வந்துவிட்டது. மீதி 69 பேர் எங்கே? ஒருவருக்குச் செயலி திறக்கவில்லை. இன்னொருவர் பிறகு போடலாம் என்று விட்டுவிட்டார். வேறொருவர் கணக்கிலக்கத்தைப் பார்த்ததும் அலுப்பில் பக்கத்தை மூடினார். அட்டையில் இவை எல்லாம் தோல்வி என்று பதிவாகியிருக்கும். இங்கே அவை யாருடைய ஏட்டிலும் இல்லை. தொடங்கியவர்களை வைத்து எண்ணினால், 300இல் 231 என்பது நூற்றுக்கு 77. அட்டையின் 83ஐ விடக் குறைவு.

வந்த காசிலும் சிக்கல் வரும். ஒரே நாளில் இரண்டு பேர் 4,500 ரூபா போட்டு, குறிப்பில் ஓடர் இலக்கத்தை எழுதாமல் விட்டால், எது எவருடையது என்று தெரியாது. உடனடி வழிக்குப் பதிலாகத் தொகுதியாகச் செயற்படும் ஸ்லிப்ஸ் வழியில் வெள்ளி பின்னேரம் அனுப்பிய காசு அடுத்த வேலை நாளில்தான் வரலாம். பற்றுச்சீட்டுப் படம் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். அதனால் படத்தைப் பார்த்து அல்ல, கணக்குக் கூற்றைப் பார்த்துத்தான் பொதியைக் கட்டவேண்டும்.

பிரித்துப் பார்த்தால் தலைகீழ்

இப்போது அட்டையையும் பணப்பையையும் நியாயமாக ஒப்பிடுவோம். அதே மாதத்தில் 600 பேர் அட்டையால் முயன்று 496 பேர் வென்றார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 83. பணப்பையால் 100 பேர் முயன்று 90 பேர் வென்றார்கள். பணப்பையே மேல் என்று தோன்றும்.

அந்த 600 பேரையும் நாட்டு வாரியாகப் பிரிப்போம். வெளிநாட்டு அட்டைகள் 400, வென்றவை 312, அதாவது 78 வீதம். உள்நாட்டு அட்டைகள் 200, வென்றவை 184, அதாவது 92 வீதம். பணப்பைக்காரர்கள் நூறு பேரும் உள்நாட்டவர்கள். ஆகவே உள்நாட்டவரை உள்நாட்டவரோடு ஒப்பிட்டால் அட்டை 92, பணப்பை 90. ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. கொழும்பில் இருப்பவருக்கு அட்டை நன்றாகவே வேலை செய்கிறது. மொத்த எண்ணைக் கீழே இழுத்தது அட்டை என்ற கருவி அல்ல, அந்த வழியால் மட்டும் வரக்கூடிய கடல் கடந்த கொடுப்பனவுகள். புள்ளியியலில் இப்படி மொத்தம் ஒன்றையும் பகுதிகள் வேறொன்றையும் சொல்வதைச் சிம்சன் முரண் என்பார்கள். கொடுப்பனவுக் கணக்குகளில் இது அடிக்கடி எட்டிப்பார்க்கும், ஏனென்றால் எந்த வழியை எவர் பாவிப்பது என்பது ஒருபோதும் தற்செயலாக அமைவதில்லை.

அட்டையை நிறுத்தினால் வெளிநாட்டில் இருந்து வென்ற 312 பேரும் போய்விடுவார்கள். எல்லோருக்கும் கொழும்பில் தம்பி இருப்பதில்லை.

முயற்சிகளை எண்ணுவதா, ஓடர்களை எண்ணுவதா என்பதும் எண்ணை மாற்றும். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்ற ஒருவர், முயற்சிக் கணக்கில் மூன்றில் ஒன்று. ஓடர் கணக்கில் அவர் முழு வெற்றி. அட்டைக்காரர்கள் உடனே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். பணப்பையில் காசு இல்லாதவர் ஒரு முறையோடு நிறுத்துவார். எனவே முயற்சிக் கணக்கு அட்டையை இருப்பதைவிட மோசமாகக் காட்டும்.

ஆமும் அல்ல, இல்லையும் அல்ல

வெற்றி, தோல்வி இரண்டிலும் சேராத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. கேள்வி வழங்கு வங்கிக்குப் போய், வங்கி "ஆம்" என்று சொல்லி, அந்த விடை திரும்பும் வழியில் தொலைந்துபோகலாம். வாங்கியவரின் தொலைபேசிக்கு "9,000 ரூபா கழிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்திருக்கும். கடையின் திரை தோல்வி என்று சொல்லும். இருவரும் பொய் சொல்லவில்லை. இப்படியான நேரத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8583இல் தனிச் செய்தி இருக்கிறது. அனுமதி கேட்பது `0100`, அதற்கு விடை `0110`, விடை வராவிட்டால் முன்னதை இரத்துச் செய்யச் சொல்வது `0400`. இரத்து முடியும்வரை காசு பெரும்பாலும் கடைக்குப் போயிருக்காது, அட்டைக்காரரின் கணக்கில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும். தடை நீங்கச் சில நாட்கள் எடுக்கலாம். இந்த நேரத்தில் பதறிப்போய்த் திரும்பக் கட்டினால் இரண்டு தடவை தடுக்கப்படும். கடைக்காரர் வாயிலின் பதிவேட்டில் அந்த ஓடரின் நிலையைப் பார்த்த பிறகே "திரும்பக் கட்டுங்கோ" என்று சொல்லவேண்டும்.

நிலையைப் பார்ப்பதிலும் அளவு வேண்டும் என்பதை இந்தியா அறிந்துகொண்டது. 2025 ஏப்ரல் 12 அன்று அங்குள்ள யு.பி.ஐ. கொடுப்பனவுகள் நாடு முழுவதும் மணிக்கணக்கில் தடைப்பட்டன. யு.பி.ஐ.யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஆராய்ந்தபோது, பழைய கொடுப்பனவுகளின் நிலை என்ன என்று வங்கிகளிடம் இருந்து ஓயாமல் வந்து குவிந்த கேள்விகள்தான் தொகுதியைத் திணறவைத்தன என்று கண்டது. அதன் பின்னர் அந்தக் கேள்விகளை எத்தனை தடவை கேட்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இறுக்கப்பட்டது.

அதே கழகம் செய்துவரும் இன்னொரு வேலை, உரும்பிராய்க் கடைக்காரருக்கு நேரடியாகப் பயன்படும். மாதாமாதம் வங்கி வங்கியாக யு.பி.ஐ. தோல்விகளை வெளியிடும்போது, அது அவற்றை இரண்டு நிரல்களாகப் பிரிக்கிறது. காசு போதாமை, தவறான இரகசிய இலக்கம், வரம்பு மீறல் போன்றவை வணிக மறுப்பு. வங்கியின் கணினி இயங்கவில்லை, தொடர்பு அறுந்தது போன்றவை தொழில்நுட்ப மறுப்பு. முதலாவது கொடுப்பவரின் நிலைமையால் வருவது, அதை எந்தப் பொறியியலாளராலும் திருத்தமுடியாது. இரண்டாவதுதான் அந்த வங்கியின் உண்மையான தரம். இரண்டையும் கலந்து ஒற்றை வீதமாகப் போட்டிருந்தால், சம்பளம் குறைந்த வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒரு நல்ல வங்கி, மோசமான கணினி உள்ள வங்கியைவிடக் கீழே தெரிந்திருக்கும்.

கடைக்காரர் தன் கொப்பியையும் இந்த முறையில் கோடு போடலாம். ஒவ்வொரு வழிக்கும், தொடங்கிய ஓடர்களின் எண்ணிக்கையை முதலில் எழுதவேண்டும், வங்கிப் பரிமாற்றத்தைத் தெரிந்துவிட்டுக் காசு போடாதவர்கள் உட்பட. உள்நாடு, வெளிநாடு என்று பிரிக்கவேண்டும். பிறகு தோற்றவற்றை, விடைக் குறியீடே வராதவை, கொடுப்பவரின் நிலைமையால் மறுக்கப்பட்டவை, கணினி இயங்காததால் நின்றவை, `05` என்ற சந்தேகத்தால் நின்றவை என்று அடுக்கவேண்டும். விடைக் குறியீடு வராதவை கூடுதலாக இருந்தால் கடையின் பக்கத்தையும் அது அனுப்பும் விவரங்களையும் திருத்தவேண்டும். வெளிநாட்டு அட்டைகளில் `05` கூடுதலாக இருந்தால், தோல்விச் செய்திக்குக் கீழே "உங்கள் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து ஒப்புதல் சொல்லிவிட்டு முயலுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். `51` கூடுதலாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, இன்னொரு வழியைத் திறந்து வைப்பதைத் தவிர.